பாட்டியின் முதல் விமானப் பயணமும் தவறிப்போன இணைப்பு விமானமும்: கூட்டிப் போகிறவர்களுக்கு

எங்கள் பாட்டிக்கு 78 வயது. அதுவரைக்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அப்பா, அம்மா, அத்தை, நான், தம்பி, பாட்டி என்று ஆறு பேர் கிளம்பினோம். நடுவில் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். முதல் விமானம் தாமதமானது, இரண்டாவது எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது, நடுவழி விமான நிலையத்தில் பாட்டியோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அன்று நாங்கள் சரியாகச் செய்ததும் உண்டு, தெரியாமல் செய்ததும் உண்டு. வயதானவரை முதல் தடவையாக, அதுவும் விமானம் மாறிப் போகிற பயணத்தில் கூட்டிப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

டிக்கெட் போடும் நாளிலேயே பாதி முடிவாகிவிடும்

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்பது. முதல் விமானம் ஒரு டிக்கெட், இரண்டாவது தனி டிக்கெட் என்று விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது விமானக்காரர் பொறுப்பில்லை. அவருடைய கணக்கில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் இணைப்பைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் வேலை, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. இதை நாங்கள் சரியாகச் செய்திருந்தோம்.

தவறியது வேறு இடத்தில். நாங்கள் நான்கு பேரும் ஒரு பிஎன்ஆர். பாட்டிக்கும் அத்தைக்கும் அத்தை தனியாகப் போட்டார், அது இன்னொரு பிஎன்ஆர். அதே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டோம். ஆனால் விமானக்காரர்களின் கணினிக்கு குடும்பம் என்று எதுவும் தெரியாது. ஒரு பிஎன்ஆரில் இருப்பவர்கள்தான் ஒரு கூட்டம். எங்களை அது நான்கு பேர் ஒரு கூட்டம், இரண்டு பேர் வேறு கூட்டம் என்றுதான் பார்த்தது. இதனால் என்ன ஆனது என்று பின்னால் வருகிறேன். முடிந்தவரை எல்லோரையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். முடியாவிட்டால் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு, இந்த இரண்டு பதிவும் சேர்ந்து போகிறவர்கள் என்று இரண்டிலும் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். குறிப்பைக் கணினி பார்க்காது, ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார்.

இரண்டாவது, நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது. எங்களுக்கு 1 மணி 40 நிமிடம் இருந்தது. குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, அதற்குக் குறைவாக இருந்தால் ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். அந்தக் கணக்கு வேகமாக நடக்கிற காலுக்குப் போட்டது. சக்கர நாற்காலியில் வருகிறவர் பெரும்பாலும் கடைசியாகத்தான் விமானத்திலிருந்து இறக்கப்படுவார், அதிலேயே இருபது நிமிடம் போய்விடும். இன்றைக்குப் போட்டால் நான் மூன்று மணி நேரமாவது விட்டுத்தான் போடுவேன். அந்த நாளின் கடைசி விமானத்தை இணைப்பாக வைக்கவே மாட்டேன், ஏனென்றால் அது போனால் அடுத்தது மறுநாள்தான்.

மூன்றாவது சக்கர நாற்காலி. "வீல்சேர் வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, அதில் மூன்று வகை இருக்கிறது. படி ஏறுவார், ஆனால் தூரம் நடக்க முடியாது என்றால் WCHR. படி ஏற இறங்க முடியாது, விமானத்துக்குள் தன் இருக்கைவரை நடந்துவிடுவார் என்றால் WCHS. சுத்தமாக நடக்கவே முடியாது, இருக்கைவரை கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும் என்றால் WCHC. எங்கள் பாட்டி வீட்டுக்குள் நடப்பார், கடைக்குப் போவார், ஆனால் மூட்டு வலி, பத்துப் படி இறங்குவதற்குள் மூன்று தடவை நிற்பார். அவருக்குச் சரியானது WCHS. "பாட்டி நடப்பாங்க" என்று நான் சொன்னதை வைத்து WCHR என்று போட்டார்கள், நானும் சரி என்றேன். இது எவ்வளவு பெரிய தவறு என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள், இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

மருந்து மட்டும்தான் முக்கியம். மூன்று நாளைக்கான மாத்திரை கையில் இருக்க வேண்டும், சரக்குப் பகுதிக்குப் போகிற பெட்டியில் அல்ல. எங்கள் வீட்டில் இதை யாரும் பாட்டிக்குச் சொல்லவில்லை. நான் மாத்திரை டப்பாவைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டு, அன்றைக்கு வேண்டியதை மட்டும் அம்மாவிடம் கொடுத்தேன். பாட்டியோ முந்தின ராத்திரி டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையிலும் கொஞ்சம் வெட்டியெடுத்து, மருத்துவரின் சீட்டோடு சேர்த்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். "பெட்டி ஒரு பக்கம் போவும், நாம ஒரு பக்கம் போவோம்" என்றார். அப்படியேதான் நடந்தது.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், சாப்பாடு இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் மாத்திரையை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு அந்த முடிவை நாமே எடுக்கக் கூடாது.

"தாமதம்" என்று திரையில் வந்ததும்

எங்கள் முதல் விமானம் காலை 10:10க்குக் கிளம்பி 12:25க்கு இறங்க வேண்டும். அடுத்தது மதியம் 2:05. காலை 9:30க்குத் திரையில் 30 நிமிடத் தாமதம் என்று வந்தது. அப்பா கணக்குப் போட்டார், 12:55க்கு இறங்கினாலும் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, பயமில்லை என்றார்.

திரையில் வருகிற நேரத்தை நம்பக் கூடாது. தாமதத்தை மொத்தமாக ஒரே தடவையில் போடாமல் அரை மணி அரை மணியாகத் தள்ளிக்கொண்டே போவது சகஜம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாம் ஏற வேண்டிய விமானம் இப்போது எங்கே இருக்கிறது? அது வேறு ஊரிலிருந்து பயணிகளோடு வந்து இறங்கி, அவர்கள் இறங்கி, சுத்தம் செய்து, எரிபொருள் போட்டு, நாம் ஏறிக் கிளம்பியாக வேண்டும். ஒரு சின்ன விமானத்துக்கே இதற்கு 45 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற செயலிகள் இருக்கின்றன, விமான எண்ணைப் போட்டால் தெரியும். தம்பி பார்த்தான். எங்களுக்கு வர வேண்டிய விமானம் இன்னும் வானத்தில் இருந்தது, 10:35க்குத்தான் இறங்கும்.

அப்படியென்றால் கணக்கு இப்படி. 10:35க்கு இறங்கி, 45 நிமிடம் கழித்து 11:20க்குக் கிளம்பும். பறக்கும் நேரம் 2 மணி 15 நிமிடம், 1:35க்கு இறங்கும். அடுத்த விமானம் 2:05 என்றாலும் அதன் கேட்டை 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், அதாவது 1:45. கையில் இருப்பது பத்து நிமிடம். இருபது வயதுக்காரன் ஓடினாலே கஷ்டம்.

இந்த இடத்தில்தான் நான் தவறான கேள்வியைக் கேட்டேன். கேட்டில் இருந்தவரிடம் போய், "அடுத்த விமானத்தைப் பிடிச்சிடலாமா?" என்றேன். "பிடிச்சிடலாம் சார், அங்கே ஆள் இருப்பாங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படிக் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். கேட்க வேண்டியது வேறு: "எங்கள் விமானம் 1:35க்குத்தான் இறங்கும் போலிருக்கிறது, சக்கர நாற்காலியில் வருகிறவர் இருக்கிறார், 2:05ஐப் பிடிக்க முடியாது. மாலை விமானத்தில் ஆறு இடம் இப்போதே மாற்றித் தர முடியுமா?" விமானம் ஏறுவதற்கு முன்பே இதைக் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள், ஏனென்றால் அப்போது மாலை விமானத்தில் இடம் இருக்கும். இறங்கிய பிறகு கேட்டால், நம்மைப் போல இணைப்பைத் தவறவிட்ட எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள்.

வானத்தில்

பாட்டிக்கு விமானம் கிளம்பும் சத்தம் பயமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்தார், மேலே போனதும் விட்டுவிட்டார். பயம் வந்தது கழிவறையில். கதவின் நடுவில் தள்ளினால் அது மடிந்து உள்ளே போகும். இழுக்கிற பிடியைத் தேடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் மங்கலான வெளிச்சம்தான் இருக்கும், தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் முழு விளக்கு எரியும். இது அவருக்குத் தெரியாது, அரை இருட்டில் நின்று அத்தையைக் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீருக்கான பொத்தானை அழுத்தினால் உறிஞ்சுகிற சத்தம் தூக்கிவாரிப் போடும். இந்த மூன்றையும் ஏறின உடனே, விமானம் நிற்கும்போதே கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் வயதானவர்கள் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டு இருக்கும், தண்ணீர் குடிக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லதல்ல.

இறங்குவதற்கு அரை மணி முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும், காது அடைப்பது அப்போதுதான். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு, காது வலியோடு விழிப்பார்கள். அத்தை எழுப்பி, "அம்மா, எச்சில் முழுங்கிக்கிட்டே இருங்க" என்றார். பாட்டி கர்மசிரத்தையாக விழுங்கினார். காதில் பட்டென்று சத்தம் வந்து அடைப்பு விட்டதும் எங்கள் பக்கம் திரும்பி, எல்லோரையும் முழுங்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

இன்னொன்று. இணைப்பு நெருக்கடியாக இருந்தால் தரையிறங்குவதற்கு ஒரு மணி முன்பே பணிப்பெண்ணிடம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கீழே தகவல் சொல்ல வாய்ப்பிருக்கிறது. நாங்கள் சொன்னோம். அதனால்தான் இறங்கும்போது மாற்று விமானச் சீட்டு தயாராக இருந்தது. ஆனால் அந்தச் சீட்டில்தான் சிக்கல்.

இறங்கின பிறகு

1:38க்குத் தரை தொட்டது. விமானம் கட்டடத்தோடு ஒட்டி நிற்காமல் தூரத்தில் போய் நின்றது, படி வைத்தார்கள், கீழே பேருந்து. பாட்டிக்கு WCHR என்று இருந்ததால் படி இறங்குவார் என்று நினைத்துக்கொண்டு, கீழே வெறும் சக்கர நாற்காலியோடு ஒருவர் நின்றார். பாட்டி வாசலில் நின்று அந்தப் படியைப் பார்த்தார். குறுகலான இரும்புப் படி, கீழே காற்றடிக்கிறது. "என்னால முடியாது கண்ணு" என்றார். WCHS என்று போட்டிருந்தால், வாசல்வரை உயர்ந்து வந்து நாற்காலியோடு இறக்குகிற தூக்கி வண்டி வந்து நின்றிருக்கும். இப்போது சொல்லியனுப்பி, அது வந்து சேரும்போது 2:10. அடுத்த விமானம் போயாயிற்று.

ஒருவரும் பாட்டியிடம் எதுவும் சொல்லவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தே அவர் கேட்டார்: "நாம அதை விட்டுட்டோமா, அது நம்மள விட்டுடுச்சா?"

"அது நம்மள விட்டுடுச்சு பாட்டி."

"அப்ப அவங்களே ஏத்தி வுடணும்" என்றார். ஒரே டிக்கெட்டின் விதியை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே கவுண்டரில் போய் நிற்காதீர்கள். எங்கள் வீட்டில் மூன்றாகப் பிரிந்தோம். அம்மாவும் அத்தையும் பாட்டியோடு உட்கார்ந்தார்கள், நான் மாற்று விமானக் கவுண்டர் வரிசையில் நின்றேன், தம்பி விமான நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுக் காத்திருந்தான். எது முதலில் கிடைக்கிறதோ அதில் வேலையை முடிக்கலாம், இரண்டிலும் ஒரே பிஎன்ஆரைப் பார்த்துத்தான் செய்வார்கள்.

சிக்கல் என்ன என்றால், கணினி தானாகவே எங்களை மாற்றி வைத்திருந்தது. நான்கு பேர் பிஎன்ஆருக்கு மாலை 5:40 விமானம். பாட்டி, அத்தை பிஎன்ஆருக்கு மறுநாள் காலை 7:15. மாலை விமானத்தில் நான்கு இடம்தான் இருந்தது, அது முதலில் எங்கள் பக்கம் போய்விட்டது. ஆக, படி இறங்க முடியாத 78 வயதுக்காரர் ராத்திரி முழுக்க நடுவழியில், நாங்கள் நான்கு பேர் ஊருக்கு.

கவுண்டரில் இருந்தவர் முதலில் "இடமே இல்லை" என்றார். அது உண்மைதான். புதிதாக இடம் கேட்காமல் ஆளை மாற்றக் கேட்க வேண்டும். "எங்கள் பதிவை இரண்டாகப் பிரியுங்கள். நானும் தம்பியும் காலை விமானத்துக்குப் போகிறோம், எங்கள் இரண்டு இடத்தை பாட்டிக்கும் அத்தைக்கும் கொடுங்கள்" என்றேன். ஒரு பிஎன்ஆரைப் பிரிப்பது அவர்களுக்கு வழக்கமான வேலைதான். ஆனால் ஒரு எச்சரிக்கை: எங்கள் இடத்தை விட்ட கையோடு வேறு யாராவது கணினியில் எடுத்துவிடலாம், அதனால் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லி, புதுச் சீட்டு கைக்கு வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்தது.

புதுச் சீட்டு வாங்கியதும் நகர்ந்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு கேள்வி இருக்கிறது. ஒன்று, சக்கர நாற்காலி கோரிக்கை புது விமானத்துக்கு வந்திருக்கிறதா? எங்களுக்கு வரவில்லை, மறுபடி போட வேண்டியிருந்தது, இந்தத் தடவை WCHS என்று சொல்லிப் போட்டேன். இரண்டாவது, பெட்டி எங்கே? பெட்டி கொடுத்தபோது ஒட்டித் தந்த சின்னச் சீட்டைக் காட்டினால் எந்த விமானத்துக்குப் போகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். நாங்கள் ஆளை மாற்றினோமே தவிரப் பெட்டியை மாற்றவில்லை. பாட்டியின் பெட்டி காலை விமானத்துக்கு என்று இருந்தது, மாற்ற நேரமில்லை என்றார்கள். மாத்திரை டப்பா அந்தப் பெட்டியில். சுருக்குப் பை பாட்டியின் மடியில்.

அந்த நான்கு மணி நேரம்

சக்கர நாற்காலி தள்ளுகிறவர் பாட்டியைக் காத்திருக்கும் இடத்தில் விட்டுவிட்டு வேறு பயணிக்குப் போய்விடுவார். அது அவர் வேலை. ஆனால் போவதற்கு முன் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: திரும்ப எத்தனை மணிக்கு வருவீர்கள், வராவிட்டால் யாரைக் கேட்பது, நடுவில் கழிவறைக்குப் போக நாற்காலி கிடைக்குமா. எங்கள் கேட் எண் மாலை 4:45க்கு மாறியது. புது கேட் பத்து நிமிட நடை. உதவி மேசை எது என்று முன்பே கேட்டு வைத்திருந்ததால் அம்மா நேராக அங்கே போய் ஆளைக் கூட்டி வந்தார்.

உட்கார்ந்தே இருந்தால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். மணிக்கு ஒரு தடவை எழுந்து பத்து அடி நடக்க வைத்தோம். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னோம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ விமானத்துக்காகக் காத்திருக்காமல் விமான நிலைய மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாட்டிக்கு இரண்டு காலிலும் லேசாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும்விடப் பாட்டியைக் கலங்க வைத்தது நாங்கள் ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதுதான். "என்னால தான் உங்களுக்கு இம்புட்டுச் சிரமம்" என்றார் ஒரு கட்டத்தில். அதன் பிறகு எதையும் மறைக்கவில்லை. அத்தை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்: விமானம் 5:40, ஏறுவது 5 மணி, இறங்குவது 7:50, நாற்காலி வருவது 4:30. பாட்டி அந்தக் காகிதத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். 4:35 ஆனதும் அவரே கேட்டார், "நாற்காலிக்காரர் அஞ்சு நிமிஷம் லேட்டு, யாராவது போய்ப் பாருங்க." நாங்கள் அதுவரை கவனிக்கவில்லை.

மாலை விமானத்தில் அவர்கள் நான்கு பேரும் போனார்கள். இந்தத் தடவை தூக்கி வண்டி வந்தது, பாட்டி அதில் மேலே போகும்போது எங்களைப் பார்த்துக் கை காட்டியதாக அம்மா சொன்னார், ஆனால் நாங்கள் நின்ற கண்ணாடி வேறு பக்கம் இருந்தது. ராத்திரி விமான நிறுவனம் எனக்கும் தம்பிக்கும் தங்க இடம் கொடுத்தது. இரவு தங்க வேண்டிய நிலை வந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள், பல நேரம் கேட்டால்தான் கிடைக்கும்.

மறுநாள் காலை பாட்டியின் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது அவர் அப்பாவோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, தம்பியின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இறங்கறப்ப எச்சில் முழுங்குனீங்களாடா ரெண்டு பேரும்?"